பெங்களூருக்குப் போகும் சாம்பார் பொடி எங்கே சறுக்குகிறது?

ஈரோட்டிலோ சேலத்திலோ நன்றாக ஓடும் சாம்பார் பொடிக்காரருக்கு அடுத்து கண்ணில் படுவது பெங்களூர்தான். ராத்திரி லாரி ஏற்றினால் காலையில் சரக்கு இறங்கிவிடும். அங்கே போனதும் பெரும்பாலும் அல்சூர், சிவாஜிநகர் போலத் தமிழர்கள் நிறைய இருக்கும் இடங்களில் கடை பிடிக்கிறார்கள். பொடியும் விற்கிறது. அதை வைத்து ஊரே பிடித்துக்கொண்டது என்று முடிவு கட்டுவதுதான் பெரிய தவறு. ஏற்கெனவே அந்தச் சுவைக்குப் பழகியவர்கள் வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவே. கன்னடக்காரர்கள் நிறைய இருக்கும் ஜெயநகர், மல்லேஸ்வரம் கடைகளுக்குப் போனால்தான் நிலவரம் தெரியும்.

அங்குள்ள பல வீடுகளில் சாம்பாருக்குத் தேங்காய் அரைத்துவிட்டு, கொஞ்சம் வெல்லமும் போடுவார்கள். பொடியில் பட்டை வாசம் இருக்கும். மிளகாய் பெரும்பாலும் பேடகி. நல்ல சிவப்பு நிறம், காரம் குறைவு. குண்டு மிளகாய் போட்ட நம் பொடியை அதே அளவு கரண்டியால் போட்டால் குழம்பு காரமாகவும் நிறம் மங்கலாகவும் வரும். பொடியை நாக்கில் வைத்துக் கருத்துக் கேட்டால் இது பிடிபடாது. கன்னடம் பேசும் சில வீடுகளில் கொடுத்து, அவர்கள் முறைப்படியே சமைக்கச் சொல்லிக் கேளுங்கள். மாற்றம் தேவைப்பட்டால் தனியாக இன்னொரு பாக்கெட்டாகப் போடுங்கள். பழைய பொடியிலேயே கைவைத்தால் சொந்த ஊர் வாடிக்கையாளரும் போய்விடுவார். பாக்கெட்டில் பெயரும் செய்முறையும் கன்னடத்திலும் இருக்கட்டும். ஆர்டர் எடுக்கும் பையனுக்குக் கன்னடம் தெரியாவிட்டால், கடைக்காரர் ஏன் வேண்டாம் என்கிறார் என்பதே உங்களுக்கு வந்து சேராது.

அப்புறம் கணக்கு. பாக்கெட் விலை 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரருக்கு 15 சதவீதம் விட்டால் 51. டிஸ்ட்ரிபியூட்டருக்கு 3 ரூபாய் போனால் 48. அதில் 5 சதவீத ஜி.எஸ்.டி. கழித்தால் கையில் 45 ரூபாய் சொச்சம். புது சரக்கு என்பதால் பத்துக்கு ஒன்று இலவசம் கேட்பார்கள். கொடுத்தால் பாக்கெட்டுக்கு 41.50தான் நிற்கும். லாரி வாடகை, ஆர்டர் பையன் சம்பளம், திரும்பி வரும் காலாவதிச் சரக்கு எல்லாம் இதற்குள்தான். உள்ளூர் விலையை அப்படியே கொண்டுபோகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். (அங்கேயே குடோன் எடுத்தால் அந்த முகவரிக்குத் தனி உணவுப் பாதுகாப்பு உரிமமும் வேண்டும்.)

டிஸ்ட்ரிபியூட்டர் நூறு பெட்டி எடுத்ததை விற்பனை என்று எண்ணாதீர்கள். சரக்கு குடோன் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கடைவாரியாகப் பில் கேளுங்கள். முதலில் வாங்கிய கடைகளில் எத்தனை, இலவசம் இல்லாமல் இரண்டாவது ஆர்டர் போட்டிருக்கின்றன என்று பாருங்கள். பாதிகூடத் தேறவில்லை என்றால் புதுக் கடை சேர்ப்பதை நிறுத்திவிடுங்கள். காலாவதிப் பாக்கெட்டை யார் ஏற்பது, எத்தனை சதவீதம் வரை என்பதை முதல் லோடு கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். சரக்கு இறங்கிய பிறகு கேட்டால் பதில் வராது.