கேமிங் மோட் போட்டும் லேக் அடிக்கிறதா? பட்ஜெட் போனில் நாமே செய்யும் தவறுகள்

போன மாதம் அக்கா மகன் தன் போனைக் கொண்டுவந்து நீட்டினான். 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ், பத்தாயிரம் ரூபாய்க்குள் வாங்கியது. "மாமா, கேமிங் மோட்ல ஃபுல் பர்ஃபார்மன்ஸ் வச்சுட்டேன், பேக்கிரவுண்ட் ஆப் எல்லாத்தையும் நிறுத்திட்டேன், ரேம்கூட 4 ஜிபி ஏத்திட்டேன். அப்பவும் லேக் அடிக்குது" என்றான். வாங்கிப் பார்த்தேன். ஸ்டோரேஜில் காலி இடம் 1.9 ஜிபி. அவன் செய்து வைத்திருந்த மூன்று வேலையும் லேக்கை ஆளுக்குக் கொஞ்சம் கூட்டத்தான் செய்திருந்தன.

"எப்பெப்ப திக்குதுன்னு சொல்லு" என்று கேட்டேன். யோசித்துச் சொன்னான். மேப்பில் புது இடத்துக்குள் போனால் ஒரு நொடி அப்படியே நிற்கிறது. வாட்ஸாப்பை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கேம் முதலிலிருந்து திறக்கிறது. கால் மணி நேரம் போனதும் எல்லாமே மெதுவாகிறது. இந்த மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு. (திரையில் பிங் எண் எகிறி எதிரி இங்கும் அங்கும் தாவினால் அது நெட்வொர்க் கோளாறு. இங்கே சொல்வது எதுவும் அதற்கு உதவாது.)

பேக்கிரவுண்டை அடியோடு அடைப்பது

`Build number` மீது ஏழு முறை தட்டினால் `Developer options` திறக்கும். அதற்குள் `Background process limit` என்று ஒன்று இருக்கிறது. யாரோ வீடியோவில் சொன்னார்கள் என்று அவன் அதில் `No background processes` வைத்திருந்தான். கேட்கும்போது சரியாகத்தான் தோன்றும். ஆனால் ஆடிக்கொண்டிருக்கும்வரைதான் கேம் முன்னால் இருக்கிறது. வாட்ஸாப்புக்குப் போன அந்த நொடியே கேமும் ஒரு பேக்கிரவுண்ட் ஆப் ஆகிவிடுகிறது. பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்று நாமே சட்டம் போட்டுவிட்டதால், போன் கேமையும் மூடிவிடுகிறது. ஓடிபி பார்க்கப் போனவன் திரும்பி வந்து லோடிங் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது இதனால்தான்.

இதைத் திரும்ப `Standard limit` ஆக்கினாலே போதும். போனை ரீஸ்டார்ட் செய்தாலும் அது தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடுது" என்று சிலர் சொல்வதில் பாதி ரகசியம் இதுதான்.

ரீசன்ட்ஸில் இருக்கும் எல்லா ஆப்பையும் மேலே தள்ளித் தள்ளி மூடும் பழக்கமும் இதற்கு உறவுதான். சும்மா பின்னால் கிடக்கும் ஆப், ரேமில் இடம் பிடித்திருந்தாலும் பிராசசரை அநேகமாகத் தொடாது. கேமுக்கு ரேம் தேவைப்பட்டால் ஆண்ட்ராய்டே அதைத் தூக்கி எறிந்துவிடும். நீங்கள் மூடிய வாட்ஸாப்போ, அடுத்த மெசேஜ் வந்ததும் பூஜ்யத்திலிருந்து எழுந்து வரவேண்டும். அந்த எழுந்து வரும் வேலை உங்கள் மேட்சின் நடுவில் நடக்கும். கையால் மூட வேண்டியவை, உண்மையிலேயே வேலை செய்துகொண்டிருப்பவை: வழிகாட்டும் மேப், ஸ்க்ரீன் ரெக்கார்டர், ஹாட்ஸ்பாட், ஓடிக்கொண்டிருக்கும் டவுன்லோட். ப்ளே ஸ்டோரின் ஆட்டோ அப்டேட்டையும் ஆடும் நேரத்தில் நிறுத்தி வையுங்கள்.

ஸ்டோரேஜைக் கழுத்துவரை நிரப்பி வைப்பது

என்னைக் கேட்டால் பட்ஜெட் போனில் பெரிய வில்லன் இதுதான், யாரும் சந்தேகப்படாததும் இதுதான். "ஸ்டோரேஜுக்கும் கேமுக்கும் என்ன மாமா சம்பந்தம்?" என்று அவனும் கேட்டான்.

மேப் முழுவதையும் 4 ஜிபி ரேமில் ஏற்றி வைக்க முடியாது. நீங்கள் ஓட ஓட, அடுத்த வீடு, அடுத்த மரம் என்று ஸ்டோரேஜிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். விலை குறைந்த பல போன்களில் இருப்பது eMMC வகை ஸ்டோரேஜ். அது ஒற்றைவழிப் பாதை மாதிரி: படிக்கும்போது எழுத முடியாது, எழுதும்போது படிக்க முடியாது. விலை கூடிய போன்களில் இருக்கும் UFS வகையில் இரண்டும் சேர்ந்து நடக்கும்.

இத்தோடு இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபிளாஷ் மெமரியில் பழைய எழுத்தின் மேலேயே புதிதாக எழுத முடியாது. ஒரு பெரிய கட்டம் முழுவதையும் அழித்த பிறகுதான் அங்கே எழுதலாம். காலி இடம் தாராளமாக இருந்தால், அழித்துத் தயாராக வைத்த கட்டத்தில் எழுதிவிட்டுப் போய்விடும். இடம் இல்லையென்றால், அரைகுறையாக நிரம்பிய கட்டத்தில் இருப்பதை வேறிடத்துக்கு மாற்றி, அதை அழித்து, அப்புறம் எழுத வேண்டும். அதுவரை கேம் கேட்ட மரமும் வீடும் வரிசையில் நிற்கும். அந்த ஒரு நொடி உறைவு இதுதான்.

மேட்சின் நடுவில் அப்படி எழுதுவது யார்? அவன் போனில் பிடிபட்டது வகுப்பு வாட்ஸாப் குரூப். வீட்டு வைஃபையில் வீடியோக்கள் தானாக இறங்கிக்கொண்டே இருந்தன. `Media auto-download` உள்ளே போய் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டோம்.

அடுத்த குற்றவாளி, அவன் பெருமையாகச் சொன்ன அந்த 4 ஜிபி கூடுதல் ரேம். அது ரேமே இல்லை. ஸ்டோரேஜில் 4 ஜிபியை ஒதுக்கிக்கொண்டு, ரேமில் இருப்பதை அங்கே தள்ளிவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுக்கும் ஏற்பாடு. நாலைந்து ஆப்களுக்குள் மாறி மாறிப் போகிறவருக்கு உதவலாம். ஆனால் ஏற்கெனவே நெரிசலான ஒற்றைவழிப் பாதையில் இன்னொரு லாரியையும் விடுவது கேமுக்கு ஆகாது. அதை ஆஃப் செய்து ரீஸ்டார்ட் செய்ததும் அந்த 4 ஜிபி காலி இடமாகத் திரும்பி வந்தது.

மிச்சத்தை வாட்ஸாப்பின் `Manage storage` பகுதியிலும் கேலரியிலும் தேடினோம். கேலரியில் அழித்தது உடனே போய்விடாது, குப்பைத்தொட்டியில் பெரும்பாலும் 30 நாள் கிடக்கும். அதையும் காலி செய்ய வேண்டும். கடைசியில் 11 ஜிபி காலியானது. 64 ஜிபி போனில் 10 ஜிபியாவது சும்மா கிடக்கட்டும் என்பது என் கணக்கு. கேம் அப்டேட் இறங்கவும் விரியவும் தனித்தனியே இடம் கேட்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அன்றிரவு போனைச் சார்ஜில் போட்டுத் தொடாமல் விடச் சொன்னேன். அழித்த இடங்கள் எவையெவை என்று ஸ்டோரேஜுக்குத் தெரிவிக்கும் வேலையை ஆண்ட்ராய்டு அப்படிப்பட்ட நேரத்தில்தான் செய்யும்.

இடம் பிடிக்கிறதே என்று கேமின் கேஷை மட்டும் தினமும் அழிக்காதீர்கள். காட்சி வரைவதற்காக அது தயாரித்து வைத்தவையும் அதோடு போகலாம். அப்படிப் போனால் அடுத்த மேட்ச் முழுக்க அதை மறுபடி தயாரித்துத் திக்கும். தரவையே அழிக்கும் `Clear data` பட்டனைத் தொட்டால் மேப்பையெல்லாம் புதிதாக டவுன்லோட் செய்ய வேண்டியதுதான். க்ளீனர் ஆப்கள் வேண்டவே வேண்டாம். சுத்தம் செய்கிறேன் என்று பின்னால் ஓடிக்கொண்டிருப்பதே அவைதான்.

கேமிங் மோடை எப்போதும் உச்சத்தில் வைப்பது

நோட்டிஃபிகேஷனை அடக்குவது, அழைப்பு வந்தால் திரையை மறைக்காமல் பார்த்துக்கொள்வது, இதற்கெல்லாம் கேமிங் மோட் நல்லது. பர்ஃபார்மன்ஸ் நிலை வேறு கதை. சிப்புக்கு இல்லாத வேகத்தை அது கொடுக்காது. இருக்கும் வேகத்தைக் குறையவிடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். சூடு ஏறியதும் போன் தானே வேகத்தைக் குறைக்கும். அவனுடைய கால் மணி நேர மந்தம் இதுதான். சார்ஜ் போட்டபடி ஆடினால் இன்னும் சீக்கிரம் வரும்.

கேமுக்குள் கிராஃபிக்ஸைக் குறைத்து, ஃப்ரேம் ரேட்டை 60-லிருந்து 30-க்கு இறக்கினோம். 60 என்றால் ஒவ்வொரு ஃப்ரேமையும் 16.7 மில்லிநொடிக்குள் வரைந்தாக வேண்டும். 30 என்றால் 33.3 வரை நேரம் உண்டு. சமயத்தில் 60, சமயத்தில் 25 என்று ஊசலாடுவதைவிட நிலையான 30-ல் குறி வைப்பது சுலபம். அவன் முகம் சுளித்தான், இரண்டு மேட்ச் ஆடிய பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

புது இடத்தில் உறைவதும் கேம் மறுபடி திறப்பதும் நின்றுவிட்டன. சூடு மட்டும் முழுதாகப் போகவில்லை, இப்போது அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது. அந்தத் தடிமனான ரப்பர் கவரைக் கழற்றிவிட்டு ஆடச் சொல்லியிருக்கிறேன். கழற்றினால் கீழே போட்டு உடைப்பான் என்று அக்கா சம்மதிக்கவில்லை.