22 யூனிட்டுக்கு 28 யூரோவா?

ஜெர்மனியில் தம்பியோடு வாடகை மின்காரில் சுற்றிவிட்டுக் கொழிஞ்சாம்பாறை திரும்பியதும் சார்ஜிங் செயலியின் பில் வந்தது. 22 யூனிட்டுக்கு `27,98 €`. செயலியில் `0,59 €/kWh` என்றுதான் பார்த்திருந்தேன். அங்கே புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள். அந்தக் கணக்குப்படி 12.98 யூரோதான் வர வேண்டும்.

மூன்று நாள் மண்டையைக் குடைந்தது. வங்கி பிடித்த நாணய மாற்றுக் கட்டணமோ என்று பார்த்தால், பில்லே யூரோவில் இருந்தது. விலை கூடிய சிசிஎஸ் வேக சார்ஜிங் கணக்கில் போட்டுவிட்டார்களோ என்றால், நாங்கள் செருகிய சாதாரண `Typ 2` என்றே இருந்தது.

அப்புறம் கட்டணத் திரையை அடிவரை தள்ளிப் பார்த்தேன். பொடி எழுத்தில் ஒரு வரி:

`Blockiergebühr ab 240 Min.: 0,10 €/Min.`

240 நிமிடத்துக்கு மேல் இடத்தை அடைத்து நிற்பதற்கான கட்டணம். 11 கிலோவாட்டில் இரண்டு மணி நேரத்தில் கார் நிறைந்துவிட்டது. ஆனால் கேபிளைச் செருகியதிலிருந்தே நிமிடம் எண்ணியிருக்கிறார்கள். நாங்கள் விட்டது 390 நிமிடம். 240 போக 150 நிமிடம், அதற்கு 15 யூரோ.

தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அடுத்த முறை நிறைந்ததும் சார்ஜிங்கை முடிக்கும் `Laden beenden` பொத்தானை அழுத்தினான். கேபிள் அசையவில்லை, காரின் பூட்டைத் திறந்த பிறகுதான் கழன்றது. இந்தத் தடவை பில்லில் மின்சாரக் காசு மட்டும்தான். அப்பாடா!