சமநிலை மாறிலியை எழுதுவதும் படிப்பதும்: பழுப்பு வாயு அடைத்த ஒரு குழாயை வைத்து

சில பள்ளி ஆய்வகங்களில் வாய் உருக்கி மூடப்பட்ட கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கும். உள்ளே பழுப்பு நிற வாயு. அதைப் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் முக்கினால் நிறம் வெளிறிவிடும். வெந்நீரில் முக்கினால் கருஞ்சிவப்பாக மாறும். மறுபடி பனிக்கட்டியில் வைத்தால் மறுபடி வெளிறும். எத்தனை முறை செய்தாலும் இதுதான் நடக்கும். (வாயு நச்சுத்தன்மை உடையது. மூடிய குழாயில் மட்டுமே பார்க்க வேண்டும். வீட்டில் தயாரிக்க முயலக் கூடாது.)

குழாயில் இருப்பது ஒரு வாயு அல்ல, இரண்டு. டைநைட்ரஜன் டெட்ராக்சைடுக்கு நிறம் கிடையாது. அது உடைந்து உருவாகும் நைட்ரஜன் டைஆக்சைடுதான் பழுப்பு. நிறம் ஒரே அளவில் நின்றுவிட்டது என்றால், உடைகிற வேகமும் மறுபடி சேர்கிற வேகமும் சமமாகிவிட்டன என்று பொருள். அந்தக் கணத்தில் இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதைச் சொல்வதுதான் சமநிலை மாறிலி. அதன் கோவையை இந்தக் குழாயை வைத்தே எழுதிப் பார்ப்போம்.

படி 1: சமன்பாட்டைச் சமன்செய்து, நிலைகளையும் குறியுங்கள்

```
N2O4(g) ⇌ 2NO2(g)
```

அடைப்புக்குறிக்குள் இருக்கும் `g` என்பது வாயு நிலை. இதை எழுதாமல் விடும் பழக்கம் மாணவர்களிடம் அதிகம். அடுத்த படிகளில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய இந்தச் சின்ன எழுத்துத்தான் உதவும்.

படி 2: வினைவிளைபொருளை மேலே, வினைபடுபொருளைக் கீழே எழுதுங்கள்

அம்புக்குறிக்கு வலப்பக்கம் இருப்பது பின்னத்தின் தொகுதியில் வரும். இடப்பக்கம் இருப்பது பகுதியில் வரும். சதுர அடைப்புக்குறி என்றால் லிட்டருக்கு எத்தனை மோல் என்ற செறிவு. ஒரு பக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் இருந்தால் அவற்றின் செறிவுகளைப் பெருக்க வேண்டும். கூட்டுவது தவறு.

படி 3: குணகத்தை அடுக்காக ஏற்றுங்கள்

```
Kc = [NO2]² / [N2O4]
```

சமன்பாட்டில் முன்னால் நின்ற 2, இங்கே தலைக்கு மேல் ஏறிவிட்டது. ஏன் என்பதை இந்த வினையில் எளிதாகக் காணலாம். பழுப்பு வாயுவின் இரண்டு மூலக்கூறுகள் மோதினால்தான் நிறமற்ற வாயு ஒன்று உருவாகும். பழுப்பு வாயுவின் செறிவை இரு மடங்காக்கினால் மோதல்கள் நான்கு மடங்காகும். சேரும் வேகம் செறிவின் வர்க்கத்தோடு போகிறது. அந்த வர்க்கம்தான் கோவையில் நிற்கிறது. மற்ற வினைகள் பல கட்டங்களாக நடக்கலாம். ஆனாலும் சமநிலையில் இந்த விதி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

படி 4: திண்மங்களை விட்டுவிடுங்கள்

நம் குழாயில் இரண்டும் வாயு என்பதால் இந்தப் படிக்கு வேலை இல்லை. சுண்ணாம்புக் காளவாயை எடுத்துக்கொண்டால் வேலை இருக்கிறது.

```
CaCO3(s) ⇌ CaO(s) + CO2(g)
Kc = [CO2]
```

சுண்ணாம்புக் கல் கூடையளவு இருந்தாலும் குவியலாக இருந்தாலும், கல்லுக்குள் ஒரு லிட்டர் இடத்தில் எத்தனை மோல் என்பது மாறுவதில்லை. மாறாத ஒன்றைக் கோவையில் வைக்கத் தேவையில்லை. தூய திரவங்களுக்கும், நீர்த்த கரைசலில் கரைப்பானாக இருக்கும் தண்ணீருக்கும் இதே விதி.

படி 5: சமநிலையில் உள்ள செறிவை மட்டும் இடுங்கள்

இப்போது எண்களைப் போடுவோம். ஒரு லிட்டர் குடுவையில் 25 டிகிரி செல்சியஸில் 0.0100 மோல் நிறமற்ற வாயுவை மட்டும் அடைத்துத் தொடங்குகிறோம். நிறம் நிலைபெற்ற பிறகு 0.0071 மோல் மீதி இருக்கிறது. காணாமல் போனது 0.0029 மோல். ஒவ்வொன்றும் இரண்டாக உடைந்ததால் பழுப்பு வாயு அதைப் போல் இரு மடங்கு; துல்லியமாகக் கணக்கிட்டால் 0.0057 மோல்.

```
Kc = (0.0057)² / 0.0071 = 0.0046
```

இங்கே 0.0100 என்ற தொடக்க அளவைப் பகுதியில் போட்டுவிடுவதுதான் நான் விடைத்தாள்களில் அடிக்கடி பார்க்கும் பிழை. கேள்வியில் முதலில் கொடுக்கப்பட்ட எண் அதுதான் என்பதால் கை தானாக அங்கே போகிறது. தொடக்கம், மாற்றம், சமநிலை என்று மூன்று வரிகளில் எண்களை எழுதி, மூன்றாவது வரியை மட்டும் கோவையில் இடும் பழக்கம் வந்துவிட்டால் இந்தப் பிழை வராது.

இதே குடுவையில் பழுப்பு வாயு 0.0200 மோலை மட்டும் வைத்து எதிர்த் திசையிலிருந்து தொடங்கினாலும் கடைசியில் கிடைப்பது அதே கலவைதான். வெப்பநிலை மாறாத வரை, எந்தப் பக்கமிருந்து வந்தாலும் மாறிலி 0.0046தான்.

படி 6: எண்ணின் அளவைப் படியுங்கள்

பாடப்புத்தகங்கள் ஒரு கைவிதி தருகின்றன. மாறிலி 1000-க்கு மேல் என்றால் வினைவிளைபொருள்களே பெரும்பான்மை; 0.001-க்குக் கீழே என்றால் வினைபடுபொருள்களே பெரும்பான்மை. இடைப்பட்டால் இரண்டும் கணிசமாக இருக்கும். பின்னத்தின் மேலே வினைவிளைபொருள் இருப்பதால் பெரிய எண் அதன் பக்கம் சாய்கிறது. வேறு மர்மம் இல்லை.

இந்த விதி தன் முழு பலத்தைக் காட்டும் இடம், நம்மைச் சுற்றியுள்ள காற்று.

```
N2(g) + O2(g) ⇌ 2NO(g)      Kc = 4.8 × 10⁻³¹  (25 °C)
```

இந்த எண்ணைக் காற்றில் உள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் செறிவுகளோடு வைத்துக் கணக்கிட்டால், ஒரு லிட்டர் காற்றில் சமநிலையில் இருக்கக்கூடிய நைட்ரிக் ஆக்சைடு ஏறத்தாழ 70 லட்சம் மூலக்கூறுகள். பெரிதாகத் தெரிகிறதா? அதே ஒரு லிட்டரில் மொத்தம் 2.5 × 10²² மூலக்கூறுகள் இருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் 70 லட்சம் என்பது இல்லை என்பதற்குச் சமம்.

நடுத்தர எண்ணுக்கு ஓர் எடுத்துக்காட்டு, ஹைட்ரஜனும் அயோடினும் சேரும் வினை. 430 டிகிரியில் இதன் மாறிலி சுமார் 54.

```
H2(g) + I2(g) ⇌ 2HI(g)
Kc = [HI]² / ([H2][I2])
```

சம அளவில் இரண்டையும் எடுத்தால், ஒவ்வொன்றிலும் 79 விழுக்காடு ஹைட்ரஜன் அயோடைடாக மாறுகிறது; 21 விழுக்காடு மாறாமல் நிற்கிறது. விளைபொருள் பக்கம் சாய்வுதான், ஆனால் முழுமை அல்ல.

எண் ஏமாற்றும் இரண்டு இடங்கள்

முதலாவது, மாறிலி எப்போதும் ஒரு குறிப்பிட்ட சமன்பாட்டுக்கு உரியது. மேலே சொன்ன வினையையே திருப்பிப் போட்டு, ஹைட்ரஜன் அயோடைடு உடைவதாக எழுதினால் மாறிலி 1/54, அதாவது 0.0185. எல்லாக் குணகங்களையும் பாதியாக்கி எழுதினால் 54-இன் வர்க்கமூலம், சுமார் 7.3. குடுவைக்குள் ஒரு மூலக்கூறுகூட இடம் மாறவில்லை; நாம் எழுதிய விதம் மட்டும் மாறியது. ஆகவே பக்கத்தில் சமன்பாடும் வெப்பநிலையும் இல்லாமல் வெறும் எண்ணைக் கொடுத்தால், அதிலிருந்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. தொடக்கப் பாடங்களில் இதை விட்டுவிடுவது எனக்கு வருத்தம். பழுப்பு வாயுக் குழாய்க்குத் திரும்புவோம். மாறிலி 0.0046, ஒன்றை விட மிகச் சிறியது. வினைபடுபொருளே மிகுதி என்று உடனே சொல்லத் தோன்றும். 0.0100 மோலில் தொடங்கியபோது அது சரியாகத்தான் இருந்தது. 29 விழுக்காடு மட்டுமே உடைந்திருந்தது. இப்போது அதே வெப்பநிலையில், ஒரு லிட்டருக்கு 0.0001 மோல் என்று நூறு மடங்கு நீர்த்துத் தொடங்குங்கள். உடைந்த அளவு x என்றால்:

```
(2x)² / (0.0001 − x) = 0.0046
x ≈ 0.000093
```

93 விழுக்காடு உடைந்துவிட்டது! மாறிலி அதே 0.0046தான், ஆனால் குடுவையில் இருப்பது ஏறக்குறைய முழுவதும் வினைவிளைபொருள்.

காரணம் அந்த வர்க்கத்தில் இருக்கிறது. ஒரு மூலக்கூறு இரண்டாகும் வினை இது. இடம் விரிந்தால் தனியாக உடைவதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் உடைந்த இரண்டும் மறுபடி சந்திப்பது அரிதாகிவிடுகிறது. ஹைட்ரஜன் அயோடைடு வினையில் இரு பக்கமும் இரண்டிரண்டு மூலக்கூறுகள் இருப்பதால் அங்கே நீர்ப்பது எதையும் மாற்றாது. 79 விழுக்காடு 79-ஆகவே நிற்கும். எனவே எண்ணைப் பார்க்கும் முன் இரு பக்கமும் உள்ள வாயு மூலக்கூறுகளை எண்ணுங்கள். அவை சமமாக இருந்தால் கைவிதியை நம்பலாம். சமமாக இல்லாமல், மாறிலி மிகப் பெரிதாகவோ மிகச் சிறிதாகவோ இல்லாவிட்டால், தொடக்கச் செறிவைப் போட்டுக் கணக்கிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

வெந்நீரில் குழாய் ஏன் கருத்தது என்பது மட்டும் மீதி இருக்கிறது. வெப்பநிலை மாறும்போது மாறிலியே மாறும். 100 டிகிரியில் இதே வினைக்கு அது சுமார் 0.36, அறை வெப்பநிலையில் இருந்ததைப் போல் ஏறத்தாழ எண்பது மடங்கு. நம் 0.0100 மோல் கணக்கை இந்த எண்ணை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். சுமார் 91 விழுக்காடு உடைந்திருப்பதாக விடை வந்தால், கோவையைச் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.