ஜெனரேட்டர் யூனிட் விலை: கணக்கு எங்கே தவறுகிறது?

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இபி யூனிட்டையும் ஜெனரேட்டர் யூனிட்டையும் தனித்தனியாகக் காட்டும் மீட்டர்கள் இப்போது சகஜம். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறியதும் மீட்டர் வேறு விலைக்கு மாறிக்கொள்ளும். அந்த விலையை எவ்வளவு என்று வைப்பது? அசோசியேஷன் கூட்டத்தில் யாராவது ஒருவர் ஜெனரேட்டரோடு வந்த தாளைப் பார்த்து, "லிட்டருக்கு மூன்றரை யூனிட் வரும்" என்பார். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் யூனிட் சுமார் 26 ரூபாய். தீர்மானம் நிறைவேறிவிடும். வருடக் கடைசியில் டீசல் கணக்கில் பெரிய துண்டு விழும்.

தாள் பொய் சொல்லவில்லை. அது சொல்வது முழு லோடில் ஓடும்போது உள்ள கணக்கு. குடியிருப்பு ஜெனரேட்டர் முழு லோடை எட்டுவதே அரிது.

125 கேவிஏ செட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது தரக்கூடிய முழு லோடு 100 கிலோவாட். இந்த அளவு செட் முழு லோடில் மணிக்குச் சுமார் 28 லிட்டர் குடிக்கும். கால் லோடில், அதாவது 25 கிலோவாட்டில், எவ்வளவு குடிக்கும்? 28-ஐ நாலால் வகுத்து 7 லிட்டர் என்பதுதான் முதல் தவறு. உண்மையில் 10 லிட்டரை ஒட்டி வரும். லோடே இல்லாவிட்டாலும் இன்ஜின் 1500 ஆர்பிஎம்மில் சுற்றியாக வேண்டும். பிஸ்டன்களின் உராய்வு, ரேடியேட்டர் விசிறி, தண்ணீர் பம்பு, ஆயில் பம்பு, ஆல்டர்னேட்டரின் சொந்த இழப்பு எல்லாம் லோடைக் கேட்டு வருவதில்லை. இந்த அளவு செட்டுக்கு இந்தச் சும்மா சுற்றும் செலவே மணிக்கு 3.7 லிட்டர் அளவில் இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். சூத்திரமாக எழுதினால் இவ்வளவுதான்:

```
லிட்டர் = 3.7 × ஓடிய மணி + 0.243 × யூனிட்
```

இதில் 25 கிலோவாட்டைப் போட்டால் மணிக்கு 9.8 லிட்டர், 902 ரூபாய், யூனிட் 36 ரூபாய். 50 கிலோவாட்டில் 15.85 லிட்டர், யூனிட் 29 ரூபாய். முழு லோடில்தான் அந்த 26 ரூபாய். நடுராத்திரி லிஃப்டும் காரிடார் விளக்கும் சில ஃபேன்களும் மட்டும் ஓடி 12 கிலோவாட் இருந்தால் மணிக்கு 6.6 லிட்டர், யூனிட் 50 ரூபாயைத் தாண்டும். ஒரே செட், ஒரே டீசல்தான்.

ஆகவே மாதம் 20 மணி நேரம், சராசரி 25 கிலோவாட்டில் ஓடினால் 500 யூனிட் வரும், 196 லிட்டர் போகும், டீசலுக்கு மட்டும் 18,000 ரூபாய். யூனிட்டுக்கு 26 வீதம் வசூலித்தால் 13,000. அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரியும்.

கிளாம்ப் மீட்டரும் கேவிஏவும்

லோடை அளப்பதிலேயே பலர் வழுக்குகிறார்கள். எலக்ட்ரீஷியன் கிளாம்ப் மீட்டரை மாட்டி ஒவ்வொரு ஃபேஸிலும் 42 ஆம்பியர் என்கிறார். 415 வோல்ட்டால் பெருக்கி, அதை 1.732-ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் 30 வரும். "30 கிலோவாட் ஓடுது" என்று நோட்டில் எழுதிவிடுவார்கள். அது கேவிஏ, கிலோவாட் இல்லை. கேவிஏவில் எவ்வளவு பங்கு உண்மையான கிலோவாட் என்பதைச் சொல்லும் பவர் ஃபேக்டர் 0.83 என்றால், உண்மையான லோடு 25 கிலோவாட்தான். 30 என்று நம்பி, மணிக்கு எரிந்த அதே 902 ரூபாய் டீசலை 30-ஆல் வகுத்தால் யூனிட் 30 ரூபாய் என்று கணக்கு வரும், உண்மை 36. கன்ட்ரோலர் திரையில் கிலோவாட்டும் மொத்த யூனிட்டும் தனியாகக் காட்டுகிறதென்றால் கிளாம்பைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, யூனிட்டை எந்த மீட்டரில் பார்க்கிறோம் என்பது. ஜெனரேட்டர் 500 யூனிட் தந்திருக்கும், வீட்டு மீட்டர்கள் கூட்டினால் 360 இருக்கும். மிச்சம் லிஃப்ட், மோட்டார், பொது விளக்கு. டீசலை 360-ஆல் வகுத்து வீட்டுக்காரர்கள் தலையில் கட்டினால் பொதுச் செலவையும் அவர்கள் யூனிட் விலையாகக் கட்டுகிறார்கள். சிலர் அதைத் தெரிந்தே செய்கிறார்கள். அது வேறு விஷயம்.

டேங்க் முள்ளை நம்புவது

உங்கள் செட்டுக்கு மேலே சொன்ன இரண்டு எண்களும் சற்று மாறும். அவற்றை நீங்களே கண்டுபிடிக்கலாம், ஆனால் டேங்க் முள்ளையோ திரையில் வரும் சதவீதத்தையோ வைத்து இல்லை. 200 லிட்டர் டேங்கில் ஒரு சதவீதம் என்றால் 2 லிட்டர். ஒரு மணி நேரச் சோதனையில் போவதே 7 லிட்டர் என்னும்போது இரண்டு லிட்டர் தவறு வந்தால் அந்தச் சோதனை எதற்கும் உதவாது. டீசல் லைனில் ஃப்ளோ மீட்டர் வைப்பவர்களும் ஒன்றை மறக்கிறார்கள். பம்புக்குப் போகும் டீசல் முழுவதும் எரிவதில்லை, ஒரு பகுதி ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்கே திரும்பும். அந்தக் குழாயையும் அளந்து கழிக்காவிட்டால் கணக்கு எகிறிவிடும்.

நம்பகமான வழி பழைய வழிதான். டேங்கைக் கழுத்து வரை நிரப்பி, ஹவர் மீட்டரையும் யூனிட் மீட்டரையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரமாவது ஓடட்டும். அப்புறம் அளவுக் கேனால் அதே குறி வரை மறுபடி நிரப்புங்கள். ஊற்றியதுதான் எரிந்தது. லோடு குறைவான இரவில் ஒரு முறை, எல்லோரும் வீட்டில் இருக்கும் மாலையில் ஒரு முறை செய்யுங்கள். இரவில் மூன்று மணிக்கு 36 யூனிட், 19.8 லிட்டர் என்று வந்தது என்று வைப்போம். மாலையில் மூன்று மணிக்கு 150 யூனிட், 47.5 லிட்டர். நேரம் ஒன்றுதான், எனவே 114 யூனிட் கூடியதற்கு 27.7 லிட்டர் கூடியிருக்கிறது. வகுத்தால் யூனிட்டுக்கு 0.243. இரவு எரிந்த 19.8 லிட்டரில் 36 யூனிட்டுக்கான 8.7 லிட்டரைக் கழித்தால் மிச்சம் 11.1, அதை மூன்று மணியால் வகுத்தால் 3.7. இரண்டு எண்ணும் கிடைத்துவிட்டன.

இதன் இன்னொரு பயன் எனக்கு யூனிட் விலையை விடப் பெரிதாகப் படுகிறது. மாதம் 20 மணி, 500 யூனிட் என்றால் 196 லிட்டர்தான் போயிருக்க வேண்டும். டீசல் பில் 240 லிட்டர் என்றால் 44 லிட்டர் எங்கே? கசிவா, கேனில் வெளியே போனதா என்று தேட ஆரம்பிக்கலாம். "லோடு கம்மியா இருந்துச்சு சார், அதான் மைலேஜ் வரலை" என்ற பதில் இந்தக் கணக்கின் முன் நிற்காது. குறைந்த லோடையும் சேர்த்துத்தானே கணக்குப் போட்டிருக்கிறோம்.

சராசரி விலையை வைத்து முடிவெடுப்பது

நல்ல படித்தவர்களும் விழும் இடம் இது. யூனிட் 36 ரூபாய் என்று தெரிந்தவுடன், ஒரு கிலோவாட் ஏசியை அணைத்தால் மணிக்கு 36 ரூபாய் மிச்சம் என்று நினைப்பார்கள். இல்லை. இன்ஜின் சும்மா சுற்றும் 3.7 லிட்டர் அப்படியே போய்க்கொண்டிருக்கும். மிச்சமாவது 0.243 லிட்டர், அதாவது 22 ரூபாய் சொச்சம். அந்த 3.7 லிட்டரின் 340 ரூபாயை மிச்சம் பிடிக்க ஒரே வழி, ஜெனரேட்டரையே நிறுத்துவது.

இதைத் தலைகீழாகவும் சொல்வார்கள்: "லோடு ஏற ஏற யூனிட் விலை இறங்குதே, அப்போ ஏசி எல்லாத்தையும் போட விடலாம்." 25-லிருந்து 50 கிலோவாட்டுக்கு ஏற்றினால் யூனிட் விலை 36-லிருந்து 29-ஆக இறங்குவது உண்மை. ஆனால் மணிக்கு 902 ரூபாயாக இருந்த டீசல் 1,458 ஆகும். விலை இறங்கியது, பில் ஏறியது. தேவையான வேலையை நகர்த்துவது வேறு. தண்ணீர் மோட்டாரை எப்படியும் ஜெனரேட்டரில்தான் ஓட்ட வேண்டும் என்றால், அதற்காகத் தனியாக ஸ்டார்ட் செய்யாமல் மாலையில் ஓடும்போதே ஓட்டிவிட்டால் 340 ரூபாய் ஒரு முறைதான் போகும்.

வசூலுக்கும் இதுவே எனக்குச் சரியாகப் படுகிறது. சும்மா சுற்றும் செலவை எல்லா வீட்டுக்கும் பொதுவாக மெயின்டனன்ஸில் சேர்த்துவிட்டு, மீட்டரில் யூனிட்டுக்கு 23 ரூபாய்போல வைக்கலாம். ஊருக்குப் போய்ப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்தான். லிஃப்டும் தண்ணீரும் அவருக்கும் சேர்த்துத்தான் தயாராக நிற்கின்றன.

டீசல் மட்டும் செலவு இல்லை

ஆயில், ஃபில்டர், கூலன்ட், பேட்டரி எல்லாம் யூனிட் விலையில் வர வேண்டும். சர்வீஸ் பெரும்பாலும் "இத்தனை மணி அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ" என்று வரும். வருடத்துக்கு 240 மணிதான் ஓடுகிறது என்றாலும் வருடம் முடிந்தால் ஆயில் மாற்றித்தான் ஆக வேண்டும். வருடச் செலவு 36,000 ரூபாய் என்று வைத்தால், 6,000 யூனிட்டுக்கு யூனிட் 6 ரூபாய். 36 இப்போது 42 ஆகிவிட்டது. கரண்ட் கட் குறைந்து யூனிட் பாதியானால் இந்த 6 ரூபாய் 12 ஆகும். செட்டின் விலையை நான் யூனிட்டில் சேர்க்க மாட்டேன். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது பழசாகிறது, அதற்கு மாதாமாதம் தனியாக ஒதுக்குவதே ஒழுங்கு.

கணக்கில் ஏறாத இன்னொரு செலவு புகைக்குழாயில் தெரியும். 30 சதவீத லோடுக்குக் கீழே மணிக்கணக்கில் ஓட்டினால் சிலிண்டர் போதிய சூடு ஏறாது, டீசல் முழுதாக எரியாது. சைலன்சர் மூட்டுகளில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒழுகும், ஆயில் தின்ன ஆரம்பிக்கும், நாளாக ஆக சிலிண்டர் சுவர் வழவழப்பாகி ரிங் சரியாகப் பிடிக்காது. நம் உதாரணத்தில் 25 கிலோவாட்டே அந்த எல்லைக்குக் கீழேதான். வாரா வாரம் காலி லோடில் இருபது நிமிடம் ஓட்டிப் பார்ப்பதும் இதே கெடுதலைத்தான் செய்கிறது. அமெரிக்க என்.எஃப்.பி.ஏ 110 விதி, மாதம் ஒரு முறை குறைந்தது 30 சதவீத லோடில் 30 நிமிடம் ஓட்டச் சொல்கிறது. ஒழுக்கு ஆரம்பநிலையில் இருந்தால் நல்ல லோடில் சில மணி நேரம் ஓட்டினாலே பெரும்பாலும் எரிந்து சுத்தமாகும்.

இரவுக்கு மட்டும் 25 கேவிஏ செட் ஒன்று வாங்கலாமா என்ற கேள்வி இங்கேதான் வரும். 12 கிலோவாட் லோடில் அது மணிக்கு 4 லிட்டர் அளவில் குடிக்கும், பெரியது 6.6. வித்தியாசம் மணிக்கு 240 ரூபாய். இரவில் வருடத்துக்கு 80 மணி ஓடினால் மிச்சம் 19,000 ரூபாய்தான், புதுச் செட்டின் சர்வீஸுக்கே அதில் பாதி போய்விடும். 800 மணி ஓடும் இடத்தில் மிச்சம் இரண்டு லட்சத்தை நெருங்கும். அங்கே வாங்கலாம்.