கையைக் கட்டியிருந்தால் குளிர்: அறிமுகமில்லாத கூட்டத்தில் நாம் செய்யும் தவறுகள்

சென்ற குளிர்காலத்தில் குன்னூரில் தேயிலைத் தொழிலில் இருப்பவர்களுக்காக ஒரு நெட்வொர்க்கிங் கூட்டம் நடந்தது. நான் கோத்தகிரிப் பக்கம் சிறிய அளவில் கையால் தேயிலை உருட்டி விற்கிறவள். அங்கே வருகிற ஒருவரையும் எனக்குத் தெரியாது. பத்து மணிக்கு டீ, பதினொரு மணிக்குப் பேச்சு என்று போட்டிருந்தார்கள். சீக்கிரம் போனால் தனியாக நிற்க வேண்டியிருக்குமே என்று பயந்து, வேண்டுமென்றே பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

முதல் தவறு அதுதான். பத்து மணிக்குப் போயிருந்தால் என்னைப் போலவே தனியாக வந்த நாலு பேர் டீ மேசைக்குப் பக்கத்தில் விழித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். அவர்களில் ஒருவரிடம் "தூரத்திலிருந்து வர்றீங்களா?" என்று கேட்டிருந்தாலே போதும். பத்தரைக்குள் அந்த நாலு பேரும் ஆளுக்கொரு வட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள். தனியாக ஒருவரிடம் பேச்சுக் கொடுப்பதைவிட, ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் வட்டத்துக்குள் போவது பத்து மடங்கு கஷ்டம். தயக்கம் உள்ளவர்கள்தான் முதல் ஆளாகப் போக வேண்டும். நாமோ நேர்மாறாகச் செய்கிறோம்.

சரி, தாமதமாகப் போயாயிற்று. இனி எந்த வட்டத்தில் சேர்வது?

கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர் பேச விருப்பமில்லாதவர் என்று உடல்மொழி பற்றி எழுதுகிறவர்கள் சொல்வார்கள். இந்த மலையில் அதை நம்பினால் ஜனவரி மாதம் ஒருவரிடமும் பேச முடியாது. அன்று காலை அந்த மண்டபத்தில் பாதிப் பேர் கையைக் கட்டியிருந்தார்கள், மீதிப் பேர் டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார்கள். எல்லாம் குளிர்தான். ஜன்னல் வழியாக வெயில் விழுந்த இடத்தில் மட்டும் மூன்று வட்டங்கள் நெருக்கியடித்து நின்றன. அதுவும் நெருங்கிய நட்பினால் இல்லை, வெயிலுக்காகத்தான்.

பார்க்க வேண்டியது கால்களை. மனிதர்கள் நின்று பேசும்போது எப்படி நிற்கிறார்கள் என்பதை ஆடம் கெண்டன் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் படம் பிடித்துப் பார்த்திருக்கிறார். அவர் சொல்வது எளிமையான விஷயம். பேசுகிறவர்களுக்கு நடுவே ஒரு காலி இடம் உருவாகிறது. அதைச் சுற்றி நிற்கிறவர்கள் எல்லோருக்கும் அந்த இடத்தில் சம உரிமை. யார் அந்தப் பேச்சில் இருக்கிறார், யார் இல்லை என்பதை இடுப்புக்குக் கீழே உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே காட்டும். தலை எங்கே வேண்டுமானாலும் திரும்பும், கால் அவ்வளவு சுலபமாகத் திரும்பாது.

இரண்டு பேர் நேருக்கு நேர், பாதம் பாதத்தைப் பார்க்க நின்றால் அது மூடிய பேச்சு. ஒன்று ரகசியம், இல்லை விலை. அங்கே போகக் கூடாது. அதே இரண்டு பேர் சற்றே சாய்வாக, சுவர் மூலை மாதிரி நின்றால் ஒரு பக்கம் திறந்திருக்கிறது என்று பொருள். மூன்று பேர் நிற்கும் வட்டத்தில் ஒருவருடைய பாதம் வாசலையோ டீ மேசையையோ பார்த்திருந்தால் நமக்கு இன்னும் நல்லது. ஐந்தாறு பேர் கொண்ட பெரிய வட்டத்தில் ஒளிந்து நிற்பது பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் ஒரே பேச்சில் நாலு பேருக்கு மேல் நிலைப்பதில்லை என்று ராபின் டன்பாரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் கண்டிருக்கிறார்கள். அதற்கு மேல் போனால் பேச்சு இரண்டாக உடைந்துவிடும். ஆறு பேர் இருக்கிற இடத்தில் ஒரே பேச்சு நடக்கிறதென்றால், அங்கே ஒருவர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கிறார், மற்ற ஐந்து பேரும் கேட்கிறார்கள். ஏழாவதாகப் போய் நாமும் கேட்கலாம், அவ்வளவுதான்.

எனக்கு இதெல்லாம் அன்று தெரியாது. வெயிலில் நின்ற மூன்று பேரை நோக்கிப் போனேன், ஒருவருடைய முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிரே நின்றவர் பார்த்தார், ஆனால் நான் அவருடைய நண்பருக்காகக் காத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். ஒரு நிமிடம் கழித்து, பேச்சில் சின்ன இடைவெளி வந்தது என்று நானாக முடிவு செய்து, "வணக்கம் சார், நான் கோத்தகிரி. ஹேண்ட்மேட் டீ பண்றேன். கிரீன் டீ, ஒயிட் டீ எல்லாம் இருக்கு" என்று சொல்லி விசிட்டிங் கார்டை நீட்டினேன். மூன்று பேரும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். "நல்லதுங்க" என்றார் ஒருவர். அப்புறம் மௌனம். ஒருவர் போனை எடுத்தார், இன்னொருவர் டீ எடுக்கப் போனார். அரை நிமிடத்தில் அந்த வட்டமே கலைந்துவிட்டது.

அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. ஓடிக்கொண்டிருந்த பேச்சை நான் நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் என்னை வைத்தேன். என்னைப் பற்றிப் பேச அவர்களிடம் என்ன இருக்கும்?

மதியச் சாப்பாட்டுக்கு முன் இன்னொரு முறை முயன்றேன். இந்த முறை நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வராந்தாவில் மூன்று பேர். இரண்டு பேர் தேயிலை ஃபேக்டரிக்காரர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. மூன்றாமவர் கீழே கோவையில் தூள் வாங்கிப் பாக்கெட் போடும் வியாபாரி, அவருடைய ஒரு கால் படிக்கட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. இந்த முறை யார் முதுகுக்குப் பின்னாலும் போகவில்லை. அந்தக் காலி மூலையில், இரண்டு பேர் கண்ணிலாவது படுகிற மாதிரி, ஒரு கை நீளத்துக்குக் கொஞ்சம் அதிகமான தூரத்தில் நின்றேன். பேசுகிறவர் முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

மழைக்காலத்தில் தூள் நமத்துப்போகிறது என்பதுதான் பேச்சு. ஃபேக்டரியில் மூன்று சதவீத ஈரத்துக்குக் காய வைத்துத்தான் அனுப்புகிறோம் என்கிறார் ஒருவர். எங்களிடம் வரும்போது அப்படி இல்லையே என்கிறார் வியாபாரி. இரண்டு பக்கமும் ஒரு சுற்று சொல்லி முடித்தார்கள். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். நானாக முடிவு செய்யும் இடைவெளிக்கும் உண்மையான இடைவெளிக்கும் வித்தியாசம் அப்போதுதான் புரிந்தது. பேசி முடித்தவர் அடுத்து யார் என்று வட்டத்தைச் சுற்றிப் பார்ப்பார். அந்தப் பார்வை நம்மேலும் விழும். அதுதான் நம் முறை.

பார்வை என்மேல் விழுந்தபோது, "ஈரம் வழியில ஏறுதுங்களா, இல்ல உங்க குடோன்ல மூட்டையைப் பிரிச்ச பிறகு ஏறுதுங்களா?" என்று வியாபாரியிடம் கேட்டேன். பெயர் சொல்லவில்லை, கார்டு எடுக்கவில்லை. அவர் படிக்கட்டுப் பக்கம் இருந்த காலை எடுத்து உள்ளே வைத்தார், பாதி அடி நகர்ந்தார். எனக்கு இடம் கிடைத்தது. "அதாங்க எங்களுக்கும் தெரியல" என்று ஆரம்பித்து, மூட்டையைப் பிரித்து வைத்து இரண்டு நாள் கழித்துப் பாக்கெட் போடுவதை அவரே சொன்னார். அதன் பிறகு ஃபேக்டரிக்காரர் கேட்டார், "நீங்க எந்த ஃபேக்டரிங்க?" என்னைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்ல அதுதான் நேரம். கேட்ட பிறகு சொன்னதை மூன்று பேரும் கேட்டார்கள்.

பேச்சில் வந்ததைப் பிடித்துக்கொண்டு கேட்கும் கேள்விக்குத் தனி மதிப்பு உண்டு. 2017இல் கேரன் ஹுவாங்கும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், இப்படித் தொடர்ந்து கேட்கிறவர்களைத்தான் எதிராளிக்கு அதிகம் பிடித்திருந்தது. சம்பந்தமில்லாத புதுக் கேள்வியால் அந்த வேலை நடக்காது.

எல்லா இடத்திலும் கால் நகராது. நாம் வந்து நின்ற பிறகு இரண்டு சுற்றுப் பேச்சு போயும் ஒருவருடைய பார்வையும் நம்மேல் விழவில்லை, ஒரு பாதமும் அசையவில்லை என்றால் விலகிவிட வேண்டும். "சாரி" சொல்லத் தேவையில்லை. லேசாகத் தலையசைத்துவிட்டு டீ மேசைக்குப் போய்விடலாம். அவமானமாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். பால் இங்ரம், மைக்கேல் மோரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இப்படி ஒரு கூட்டத்தில் வந்தவர்களுக்கு மின்னணு அட்டை மாட்டி யார் யாருடன் பேசினார்கள் என்று கணக்கெடுத்தார்கள். புது ஆட்களைச் சந்திக்கவே வந்தோம் என்று சொன்னவர்களும் தெரிந்தவர்களுடன்தான் அதிக நேரம் நின்றார்கள். நம்மை ஒதுக்குகிறார்கள் என்று நினைத்தால், பாவம், அவர்களும் வெளியே வரத் தெரியாமல்தான் நிற்கிறார்கள்.

இனி என்ன பேசக் கூடாது என்பது. சமவெளியில் "என்ன வெயில்!" என்பது ஒப்புக்குப் பேசும் பேச்சு. இங்கே அப்படி இல்லை. "உங்க பக்கம் உறைபனி விழுந்துச்சுங்களா?" என்று டிசம்பர், ஜனவரியில் கேட்டால் அது நேரடியாகத் தொழில் பேச்சு, உறைபனியில் கொழுந்து கருகும். தாராளமாகக் கேட்கலாம். ஆனால் பச்சைத் தேயிலை விலையை முதல் பேச்சாக எடுக்காதீர்கள். வட்டத்தில் ஒருவர் இலை கொடுக்கும் விவசாயி, இன்னொருவர் இலை வாங்கும் ஃபேக்டரி. அவர்களுக்குள் ஆண்டுக்கணக்கில் நடக்கும் வழக்கை நாம் போய்த் திறந்துவிட்டது போலாகும்.

"எந்த ஊருங்க?" என்பது நம்மிடம் இயல்பாக வரும் கேள்வி. அதோடு நிறுத்திக்கொண்டால் நல்லது. அடுத்து "அங்க எந்தப் பக்கம்? யாரு வீடு?" என்று போனால் கேட்கிறவர் எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். கேட்டவர் மனதில் ஒன்றும் இல்லாவிட்டாலும், பதில் சொல்பவரின் முகம் மூடிவிடும். ஊருக்கு அடுத்த கேள்வி தொழிலைப் பற்றி இருக்கட்டும்: "அங்கிருந்து இலை எந்த ஃபேக்டரிக்குப் போகுது?"

இன்னொன்று, நம் மலைக்கே உரியது. வட்டத்தில் படுக மொழியில் பேசிக்கொண்டிருந்தால், அந்த மொழி தெரியாதவர்கள் புரிந்தது போல் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். வேண்டாம். சும்மா நில்லுங்கள். உங்களைச் சேர்த்துக்கொள்ள விரும்பினால் அவர்களே தமிழுக்கு மாறுவார்கள். மாறாவிட்டால் அதுதான் பதில்.

கிளம்பும்போது செய்யும் தவறு, ஒரே வட்டத்தில் ஒட்டிக்கொள்வது. இடம் கிடைத்த சந்தோஷத்தில் நானும் சாப்பாடு வரை அந்த மூன்று பேரையே விடவில்லை. பத்து நிமிடத்தில் கிளம்பியிருக்கலாம். கிளம்ப ஒரு காரணமும் அடுத்து ஒரு வேலையும் சொன்னால் போதும்: "நான் ஒரு டீ எடுத்துக்கறேங்க. அந்த ஈர மீட்டர் பத்தி உங்களுக்கு மெசேஜ் போடறேன்." கார்டு வாங்க வேண்டிய இடமும் இதுதான். வாங்கியவுடன் ஓரமாகப் போய் அதன் பின்னால் பேனாவால் இரண்டு வார்த்தை எழுதிவிடுங்கள். நான் எழுதியது "நமத்தல், கோவை குடோன்". மறுநாள் காலை அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இவ்வளவுதான்:

"வணக்கங்க. நேத்து குன்னூர்ல வராந்தாவுல, மூட்டை பிரிச்ச பிறகு ஈரம் ஏறுதான்னு கேட்டேனே, நான்தாங்க. அடுத்த லோடு வந்ததும் பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ரெண்டு நாள் கழிச்சு ஒரு தடவை மீட்டர் வெச்சுப் பாருங்க. என்ன வந்துச்சுன்னு சொல்லுங்க."

பதினோரு நாள் கழித்து இரண்டு எண்களோடு பதில் வந்தது. கூடவே, "உங்க கிரீன் டீ சாம்பிள் ஒரு நூறு கிராம் அனுப்ப முடியுங்களா மேடம்?"