கீரிப்பூச்சி: டேப் டெஸ்ட் எடுக்குறது எப்படி, மாத்திரைய ஏன் வீட்ல எல்லாரும் ரெண்டு தடவ போடணும்

எங்க பாப்பாவுக்கு ஆறு வயசு. ராத்திரி தூங்கிட்டு இருக்கும்போதே பின்னாடி சொறிஞ்சுக்கிட்டு சிணுங்குவா, காலைல கேட்டா ஒண்ணுமே ஞாபகம் இருக்காது. முதல்ல மலம் டெஸ்ட் கொடுத்தோம், "புழு எதுவும் இல்ல"ன்னு ரிப்போர்ட் வந்துச்சு, நானும் அத நம்பிட்டு ரெண்டு வாரம் வேர்க்குரு பவுடர் போட்டுக்கிட்டு இருந்தேன். அங்கதான் நான் ஏமாந்தது. கீரிப்பூச்சி மலத்துல முட்டை போடாது, அதனால மலத்துல தேடினா பெரும்பாலும் கிடைக்கவே கிடைக்காது.

பூச்சி என்ன பண்ணுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சாதான் மீதி புரியும். பெரிய பெயர் எண்டரோபியஸ் வெர்மிகுலாரிஸ். பெண் புழு 8லேர்ந்து 13 மில்லிமீட்டர், வெள்ளை நூல் துண்டு மாதிரி, வால் ஊசி மாதிரி கூரா இருக்கும். பகல்ல பெருங்குடல்ல கம்முனு கிடக்கும், நாம தூங்கினதும் ஆசனவாய்க்கு வெளிய வந்து அங்க தோல் மடிப்புல பத்தாயிரம் முட்டை வரைக்கும் ஒட்டிட்டு போயிடும். அந்த ஒட்டுற பசையும் புழு நெளியறதும்தான் அரிப்பு. நாலுலேர்ந்து ஆறு மணி நேரத்துலயே முட்டை அடுத்தவங்களுக்கு தொத்துற நிலைக்கு வந்துடும். குழந்தை சொறியும், முட்டை நகத்துக்குள்ள போகும், கை வாய்க்கு போகும். முழுங்கின முட்டை பொரிஞ்சு பெரிய புழுவாகி திரும்ப முட்டை போட சுமாரா ஒரு மாசம் ஆகும். இந்த ஒரு மாசத்த மட்டும் மறக்காதீங்க, கீழ வேணும்.

டேப் எடுக்குறது

தோல்ல ஒட்டியிருக்குற முட்டைய டேப்ல ஒட்டி எடுத்து மைக்ராஸ்கோப்புல பாக்குறதுதான் டேப் டெஸ்ட். லேப்ல கண்ணாடி ஸ்லைடு கொடுன்னு கேட்டா கொடுப்பாங்க, மூணு வாங்கிக்கோங்க. டேப் பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்குற சாதா செல்லோ டேப்தான் வேணும். நான் வீட்ல இருந்த மங்கலான டேப்ப (மேல பேனாவால எழுதலாமே, அது) ஒட்டி கொண்டு போனேன், லேப்ல இருந்தவரு மைக்ராஸ்கோப்புல பாத்துட்டு "எல்லாம் மூடுபனியா தெரியுதும்மா, முட்டை இருந்தாலும் தெரியாது"ன்னு திருப்பி அனுப்பிட்டாரு. பிரவுன் டேப்பும் வேணாம்.

முந்தின நாள் ராத்திரி அந்த இடத்துல க்ரீம், வாசலின், எண்ணெய் எதுவும் தடவாதீங்க, டேப் ஒட்டாது. காலைல குழந்தை எழுந்துக்கறதுக்கு முன்னாடியே எடுத்துடணும், பாத்ரூம் போறதுக்கு முன்னாடி, கழுவுறதுக்கு முன்னாடி. இது ரொம்ப முக்கியம். கழுவிட்டா ராத்திரி போட்ட முட்டையெல்லாம் தண்ணியோட போயிடும், அப்புறம் டேப்ல என்ன இருக்கும்?

ஏழெட்டு சென்டிமீட்டர் டேப் வெட்டி, பசை வெளிப்பக்கம் இருக்குற மாதிரி ஒரு ஐஸ் குச்சியோட நுனில மடிச்சு பிடிச்சுக்கோங்க. இன்னொரு கையால பிட்டத்த விரிச்சு, ஆசனவாய சுத்தி இருக்குற மடிப்புல வலது பக்கம் இடது பக்கம் ரெண்டுலயும் நாலஞ்சு தடவ மெதுவா அமுக்கி எடுங்க. உள்ள விடக்கூடாது, முட்டை வெளிய தோல்லதான் இருக்கு. அப்புறம் பசைப்பக்கம் கீழ வர்ற மாதிரி ஸ்லைடு மேல ஒரு ஓரத்துலேர்ந்து ஆரம்பிச்சு சுருக்கம் விழாம நீவி ஒட்டுங்க. பேர், தேதி எழுதி கவர்ல போட்டு கைய சோப்பு போட்டு நகத்தோட கழுவுங்க, ஏன்னா அந்த டேப்ல இருக்குறதும் உயிருள்ள முட்டைதான்.

இத மூணு நாள் தொடர்ந்து பண்ணணும். புழு தினமும் வெளிய வராது, ஒரு நாள் மட்டும் எடுத்தா பாதிப் பேருக்குதான் மாட்டும், மூணு நாள் எடுத்தா பத்துல ஒம்போது பேருக்கு தெரிஞ்சுடும். பாப்பாவுக்கு முதல் நாள் ஸ்லைடுல ஒண்ணுமில்ல, ரெண்டாவதுல நாலஞ்சு, மூணாவதுல எண்ண முடியல. லேப்காரரு எனக்கும் காட்டினாரு, ஒரு பக்கம் தட்டையா ஒரு பக்கம் வளைஞ்சு, உள்ள குட்டிப்புழு மடிஞ்சு படுத்திருந்துச்சு.

டேப் இல்லாமலும் பாக்கலாம். தூங்கி ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு டார்ச் அடிச்சா சில சமயம் புழுவே நெளியும். கண்ணால பாத்துட்டா டேப் தேவையே இல்ல.

மாத்திரை, நான் பண்ண தப்போட

முதல் தடவ டாக்டர் தெளிவா சொல்லியும் பாப்பாவுக்கு மட்டும் ஒரே ஒரு மாத்திரை கொடுத்துட்டு விட்டேன். அரிப்பு நின்னுச்சு, அஞ்சு வாரத்துல திரும்ப வந்துச்சு. ஏன்னு அப்புறம்தான் உறைச்சுது. மருந்து வயித்துல இருக்குற பெரிய புழுவ கொல்லும், முட்டைய முழுசா கொல்லாது. மாத்திரை போட்ட அன்னைக்கே போர்வைலேர்ந்து ஒரு முட்டை வாய்க்குள்ள போச்சுன்னா அது தப்பிச்சு வளரும். ரெண்டு வாரம் கழிச்சு ரெண்டாவது டோஸ் போட்டா, அது மருந்துக்கு மாட்டுற அளவுக்கு வளர்ந்திருக்கும், ஆனா முட்டை போட இன்னும் நாள் இருக்கும். ரெண்டாவது டோஸ் அதுக்குத்தான்.

ரெண்டாவது தடவ வீட்ல அஞ்சு பேரும் ஒரே நாள்ல போட்டோம். "எனக்கு அரிப்பே இல்லையே, எனக்கெதுக்கு"ன்னு அத்தை கேட்டாங்க. பெரியவங்களுக்கு அரிப்பில்லாமலே இருக்கலாம், அவங்ககிட்டேர்ந்து குழந்தைக்கு திரும்ப வரும். எங்களுக்கு எழுதினது அல்பென்டசோல் 400 மில்லிகிராம், ஒரே டோஸ், 14 நாள் கழிச்சு இன்னொண்ணு. மெபென்டசோல், பைரன்டெல் இதுகளும் உண்டு, அதுலயும் இதே ரெண்டு டோஸ் கணக்குதான். ரெண்டு வயசுக்கு கீழ இருக்குற குழந்தை, கர்ப்பமா இருக்குறவங்க, பால் கொடுக்குறவங்க டாக்டர கேக்காம தொடவே கூடாது. சின்னக் குழந்தைக்கு முழு மாத்திரைய விழுங்க கொடுக்காதீங்க, பொடிச்சு கொடுங்க.

ரெண்டாவது டோஸ்க்கு போன்ல அலாரம் வெச்சுடுங்க, அரிப்பு நின்னதும் எல்லாரும் மறந்துடுவாங்க.

சுத்தம் பண்றது

மாத்திரை போட்ட மறுநாள் காலைல போர்வை, தலையணை உறை, ஜட்டி, நைட் டிரஸ் எல்லாத்தையும் உதறாம சுருட்டி எடுத்து வெந்நீர்ல துவைங்க. உதறினா முட்டை காத்துல பறந்து இன்னொரு இடத்துல உக்காரும். வெளிய விழுந்த முட்டை ரெண்டு மூணு வாரம் வரைக்கும் தாங்கும், அதனால தூசிய ஈரத்துணியால துடைங்க. நான் முதல்ல பயந்துபோய் திரைச்சீலை, பொம்மை, சோபா உறைன்னு வீட்டையே கவுத்துப் போட்டேன், அவ்வளவு வேணாம். அத விட காலைல எழுந்ததும் முதல் வேலையா குளிச்சு ஜட்டி மாத்துறதுதான் பெருசு, ராத்திரி போட்ட முட்டைய வீட்ல பரவறதுக்கு முன்னாடியே கழுவி அனுப்பிடுறோம். நகத்த ஒட்ட வெட்டிடுங்க. ரெண்டாவது டோஸ் வரைக்கும் இத தினமும் பண்ணுங்க.

அப்டேட்: மாத்திரை போட்டு ரெண்டு நாளாகியும் அரிப்பு நிக்கலன்னு சிலர் கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. சொறிஞ்ச புண்ணு ஆற சில நாள் ஆகும், ஒரு வாரம் பொறுங்க. ரெண்டாவது டோஸ்க்கும் அப்புறம் ராத்திரி அரிப்பு வந்தா திரும்ப டேப் எடுங்க. பெண் குழந்தைக்கு முன்பக்கமும் அரிப்பு, வெள்ளைப்படுதல் இருந்தா புழு அந்தப் பக்கம் போயிருக்கலாம், டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.

இன்னொரு அப்டேட்: நாய், பூனைக்கும் மாத்திரை கொடுக்கணுமான்னு ரெண்டு பேர் கேட்டீங்க. இந்தப் புழுவுக்கு வேணாம், இது மனுஷங்ககிட்டேர்ந்து மனுஷங்களுக்குதான் தொத்தும்.