தட்டுவடை விலையை உயர்த்தியபோது எழுதிய கடிதம்: என் அனுபவம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வீட்டிலேயே தட்டுவடை சுட்டு, மாதந்தோறும் வாங்கும் குடும்பங்களுக்குக் கொடுத்துவருகிறேன். கடலை எண்ணெய் விலை கிலோவுக்கு ஐம்பது ரூபாய் ஏறியபோது, எடையைச் சற்றுக் குறைத்துப் பழைய விலையிலேயே விற்கலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். பொட்டலத்தைக் கையில் எடுத்ததுமே எடை தெரிந்துவிடும் வாடிக்கையாளர்களிடம் அது நம்பிக்கைத் துரோகம் என்பதால், வெளிப்படையாகக் கடிதம் எழுதத் தீர்மானித்தேன்.

முதலில் கணக்குப் போட்டேன். ஒரு கிலோ தட்டுவடை ஏறக்குறைய முந்நூறு கிராம் எண்ணெயைக் குடிக்கிறது. ஆகவே கூடுதல் செலவு பதினைந்து ரூபாய். எள், பொட்டுக்கடலை ஆகியவற்றின் சிறு ஏற்றத்தை நானே தாங்கிக்கொண்டு, அந்தப் பதினைந்தை மட்டும் விலையில் சேர்த்தேன்.

"விலைவாசி உயர்வு காரணமாக" என்ற பொதுவான தொடரைத் தவிர்த்து, கடிதத்தின் இரண்டாம் வரியிலேயே இப்படி எழுதினேன்: "கடலை எண்ணெய் விலை உயர்ந்துள்ளதால், தை முதல் தேதியிலிருந்து ஒரு கிலோ தட்டுவடை 280 ரூபாய்க்குப் பதிலாக 295 ரூபாய் ஆகும். எடையும் எண்ணெயும் மாறாது. அதற்கு முன் பணம் கட்டியவர்களுக்குப் பழைய விலையே பொருந்தும்."

கடிதத்தை மார்கழி நடுவிலேயே பொட்டலத்தோடு வைத்துக் கொடுத்ததால், பொங்கலுக்கு வேண்டியதை முன்கூட்டியே சொல்லிவைக்க அவர்களுக்கு அவகாசம் கிடைத்தது. பழைய விலை அச்சிட்ட உறைகள் தீரும்வரை அந்த விலைக்கே விற்றேன். அச்சிட்ட விலைக்கு மேல் பணம் வசூலிப்பது சட்டப்படி குற்றம். எங்களிடம் வாங்கி விற்கும் கடைக்காரர்களுக்கோ, அவர்களுக்குரிய லாபம் குறையாது என்பதை விளக்கித் தனிக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.